தட்டட்டி ஒழுகினால் யாரைக் கேட்பது?

"வி.எம்.சத்திரம் பக்கம் 1,200 சதுர அடியில் வீடு கட்டினோம். பொருளோடு சேர்த்துச் சதுர அடி 2,200 ரூபாய் என்று ஒரே கான்ட்ராக்டரிடம் பேசி, பத்திரத்தில் எழுதிக்கொண்டோம். தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தோம். சித்திரையில் தட்டட்டியில் சோலார் ஹீட்டர் வைத்தோம். ஐப்பசி மழைக்கே இரண்டு அறையில் ஒழுகுகிறது. கேட்டால், 'தட்டோடு பதித்தது நான் இல்லை, சப் கான்ட்ராக்ட் எடுத்த ஆள். நம்பர் தருகிறேன், அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்' என்கிறார். அந்த ஆள் போனை எடுப்பதே இல்லை. வேலை நடந்தபோது கான்ட்ராக்டர் சொல்லி நாங்களே அவருக்கு 15,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பியிருக்கிறோம். பாக்கி 1,20,000 ரூபாய் எங்கள் கையில் இருக்கிறது. அதைக் கொடுத்தால்தான் வந்து பார்ப்பேன் என்கிறார் கான்ட்ராக்டர். நாங்கள் யாரைப் பிடிப்பது?"

கான்ட்ராக்டரைத்தான். தட்டோடு பதித்தவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவரைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். நான் 20 வருடத்துக்கும் மேலாகத் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் கட்டட வேலை பார்க்கிற சிவில் இன்ஜினியர். முதல் சில வருடங்கள் நானே கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தேன். இப்போது ஒழுகல், விரிசல் என்று தகராறு வருகிற வீடுகளைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கிறேன். நீங்கள் சொன்ன அதே பதிலை எத்தனையோ வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். அந்தப் பதிலை நம்பி வீட்டுக்காரர்கள் இரண்டு மழைக்காலத்தை வீணாக்குவதையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் ஒப்பந்தம் போட்டது ஒருவரோடு. 26,40,000 ரூபாய்க்கு ஒழுகாத வீடு ஒன்றைக் கட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டது அவர். அந்த வேலையில் கம்பி கட்டுவது, சென்டரிங், பூச்சு, ஒயரிங், தட்டோடு எல்லாம் அடக்கம். அவற்றில் எதை அவர் தன் ஆளை வைத்துச் செய்கிறார், எதை வெளியாளுக்கு விடுகிறார் என்பது அவர் வசதி. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 40-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. குறிப்பிட்ட ஆளே நேரில் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் போட்ட ஒப்பந்தம் என்றால் அவரே செய்ய வேண்டும். மற்றபடி தகுதியான வேறொருவரை வைத்துச் செய்து முடிக்கலாம். அதாவது வேலையைக் கை மாற்றி விடலாம். வாக்குக் கொடுத்தவர் அதனால் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. தகுதியான ஆளைப் பிடிக்க வேண்டியதும் அவர் வேலைதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தட்டோடு பதித்தவர் உங்களிடம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சதுர அடிக்கு என்ன கூலி, எத்தனை அங்குல கனம், எத்தனை நாளில் முடிப்பது என்று அவர் பேசியது கான்ட்ராக்டரிடம். அந்தப் பேச்சில் நீங்கள் இல்லை. ஆகவே அந்தப் பேச்சை வைத்து நீங்கள் அவர் மேல் நேராக வழக்குப் போடப் போனால், "இவர்களுக்கும் எனக்கும் ஒப்பந்தமே இல்லையே" என்று அவர் சொல்வார். அது சட்டப்படி எடுபடக்கூடிய பதில். கான்ட்ராக்டர் உங்களை அனுப்பிவைக்கும் இடம் அப்படிப்பட்ட இடம். அங்கே போய் நின்றால் உங்கள் கையில் பிடிமானம் இல்லை.

சில கான்ட்ராக்டர்கள் வக்கீலிடம் கேட்டு வந்து, "சப் கான்ட்ராக்டர் தனி ஆள், அவர் செய்த தப்புக்கு நான் பொறுப்பில்லை, இதற்குத் தீர்ப்பெல்லாம் இருக்கிறது" என்பார்கள். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். ஆனால் அது வேறு இடத்துக்கானது. சாரத்திலிருந்து செங்கல் விழுந்து தெருவில் போகிறவருக்கு அடிபட்டது என்று வையுங்கள். அடிபட்டவருக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அங்கேதான் யார் யாருடைய ஆள், தனித்து வேலை எடுத்தவரா என்ற கேள்வி வரும், அதற்கும் பல விலக்குகள் உண்டு. உங்கள் விஷயம் அது இல்லை. நீங்கள் கேட்பது "எனக்குச் சொன்னபடி கட்டித் தந்தாயா" என்ற ஒரே கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சொன்னவர்தான்.

இதை நான் சட்டப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கான்ட்ராக்ட் எடுத்த காலத்தில் மேலப்பாளையம் பக்கம் ஒரு வீட்டில் தட்டோடு வேலையை வெளியாளுக்கு விட்டிருந்தேன். நான் வேறொரு தளத்தில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த நான்கு நாளில் அவர் சுண்ணாம்பு ஜல்லியைக் கொட்டி, சரியாக அடிக்காமல், மேலே ஓட்டைப் பதித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்த மழையில் படுக்கையறையில் சொட்டியது. வீட்டுக்கார ஆச்சியிடம் நானும் முதலில் இதே பதிலைத்தான் சொன்னேன். "அவன் யாருன்னு எனக்குத் தெரியாதுய்யா. உன் கையிலதான ரூவா கொடுத்தேன்" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முழுவதையும் உடைத்து எடுத்துத் திரும்பப் போட்டேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த லாபமும் அதற்கு மேலேயும் போனது. சப் கான்ட்ராக்டருக்கு நான் பிடித்து வைத்திருந்த பணம் பாதிச் செலவுக்குக்கூடக் காணவில்லை. அது எனக்கும் அவருக்கும் இடையிலான கணக்கு. ஆச்சி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் கேள்வியில் கான்ட்ராக்டருக்கு உதவக்கூடிய விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. முதலாவது அந்த 15,000 ரூபாய். "நீங்களே அவருக்குப் பணம் கொடுத்தீர்கள், ஆகவே அவர் உங்கள் ஆள்" என்று அவர் வாதம் வைப்பார். கான்ட்ராக்டர் சொல்லி, அவருக்குத் தர வேண்டிய தொகையில் கழிப்பதாக அனுப்பிய பணம் அப்படி ஆகிவிடாது. பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதிய ஆளோடு புதிய ஒப்பந்தம் என்று மாற வேண்டுமானால், பழைய கட்சிகள் எல்லாரும் அதற்கு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டம் 62-வது பிரிவின் சாரம் அது. "அண்ணாச்சி, அவருக்குப் பதினஞ்சு அனுப்பிருங்க, கணக்குல கழிச்சுக்கிடுவோம்" என்று கான்ட்ராக்டர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். அவர் உங்களுக்குக் கொடுத்த கணக்குச் சீட்டில் அந்த 15,000 கழிக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு வரியே போதும்.

ஆனால் தட்டோடு பதிக்கிற ஆளை நீங்களே கொண்டுவந்து, "எங்கள் மாமா மகன், இவரை வைத்துத்தான் செய்ய வேண்டும்" என்று கான்ட்ராக்டரைக் கட்டாயப்படுத்தியிருந்தால் கதை மாறும். கூலியும் நீங்களே பேசி, சதுர அடி ரேட்டிலிருந்து தட்டோடு வேலையைக் கழித்திருந்தால் அது உங்களுக்கும் அந்த ஆளுக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். அந்த வேலைக்குக் கான்ட்ராக்டரைக் கேட்க முடியாது. நம் பக்கம் இது நிறைய நடக்கிறது. கல் வேலைக்கு ஓர் ஆள், பிளம்பிங்குக்குச் சொந்தக்காரர் என்று வீட்டுக்காரரே பிரித்துக் கொடுத்துவிடுவார். அப்புறம் குழாய் மூட்டில் கசிந்து சுவர் ஓதம் அடித்தால் கான்ட்ராக்டரைப் பிடிப்பார். லேபர் கான்ட்ராக்டும் அப்படித்தான். சிமெண்ட், மணல், ஓடு எல்லாம் நீங்கள் வாங்கிக் கொடுத்திருந்தால், பொருளில் உள்ள குறைக்கு நீங்கள்தான் பொறுப்பு, வேலையில் உள்ள குறைக்கு மட்டும்தான் அவர். உங்கள் விஷயத்தில் பொருளோடு சேர்த்துப் பேசியிருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது விஷயம் அந்தச் சோலார் ஹீட்டர். எனக்கு இதுதான் கவலை. கான்ட்ராக்டர் இன்னும் இதைச் சொல்லவில்லை என்றாலும் நோட்டீஸ் போனதும் சொல்வார். ஹீட்டர் கம்பெனி ஆள் ஸ்டாண்டைத் தட்டோட்டில் துளை போட்டுப் போல்ட் அடித்து நிறுத்தியிருந்தால், அந்த நான்கு துளை வழியாகத் தண்ணீர் இறங்கலாம். அது கான்ட்ராக்டர் பொறுப்பு ஆகாது. அதனால் யாரையும் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த வேலையைச் செய்யாமல் நேராகச் சண்டைக்குப் போகிறார்கள், அல்லது பதற்றத்தில் கெமிக்கல் வாங்கி மேலே அடித்துவிடுகிறார்கள். கெமிக்கல் அடித்த பிறகு முதலில் எப்படி இருந்தது என்று காட்ட முடியாமல் போகும்.

முதலில் உள்ளே, மேற்கூரையில் ஈரம் பரவிய இடத்தின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியை எழுதிப் போட்டோ எடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு ஈரம் எவ்வளவு பரவியதோ அதற்கு இன்னொரு கோடு, இன்னொரு தேதி. மூன்று மழைக்குள் ஈரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று படம் மாதிரித் தெரிந்துவிடும். மழை விட்டுப் பல வாரம் ஆகியும் ஈரம் காயாமல் இருந்தால் தண்ணீர்த் தொட்டிக் குழாயைச் சந்தேகப்படுங்கள். சுவரும் கூரையும் சேரும் மூலையை ஒட்டியே கறை இருந்தால் கைப்பிடிச் சுவரின் அடிதான் முதல் சந்தேகம்.

அப்புறம் மேலே ஏறுங்கள். பத்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்து ஒவ்வொரு ஓடாகத் தட்டிப் பாருங்கள். அடியில் கலவை நன்றாகப் பிடித்திருந்தால் சத்தம் கனமாக, 'டக்' என்று நிற்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் 'டொக்' என்று காலிப் பானை மாதிரிக் கேட்கும். பொள்ளலாக ஒலிக்கும் ஓட்டில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். ஒரு வீட்டில் நான் இப்படிக் குறி போட்டுக்கொண்டே போய் நிமிர்ந்து பார்த்தபோது பாதித் தட்டட்டி வெள்ளைக் குறியாக இருந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அந்தப் போட்டோ ஒன்றே பிறகு பேச்சுவார்த்தையை முடித்து வைத்தது.

வாட்டத்தையும் பாருங்கள். பத்து அடி தூரத்துக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் இறங்க வேண்டும், இறக்கம் மழைநீர்க் குழாயின் வாயைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றினால் அது எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். குழாய் வாய்க்குப் போகாமல் அறை மேலே தேங்கினால் வாட்டம் தப்பு. தேங்கிக் காய்ந்த இடத்தில் வண்டல் வட்டமாகப் படிந்திருக்கும், ஊற்றிப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

கடைசியாகத் தண்ணீர் கட்டிப் பார்ப்பது. இதுதான் தீர்மானமான சோதனை. தட்டட்டியை மூன்று நான்கு பாத்திகளாகப் பிரித்து, கலவையால் சின்ன வரப்புக் கட்டுங்கள். ஹீட்டர் ஸ்டாண்ட் நிற்கும் இடம் தனிப் பாத்தியாக இருக்கட்டும். குழாய் வாயைத் துணி வைத்து அடைத்துவிட்டு, முதலில் ஹீட்டர் இல்லாத பாத்தியில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் நிற்கட்டும். அந்தப் பாத்திக்குக் கீழே ஈரம் வந்தால் ஹீட்டர் வாதம் அங்கேயே முடிந்தது. ஹீட்டர் பாத்தியில் மட்டும் வந்தால், நீங்கள் கான்ட்ராக்டரிடம் சண்டை போடாமல் ஹீட்டர் பொருத்தியவரைக் கூப்பிட வேண்டும். இரண்டிலும் வந்தால், துளை இல்லாத இடத்தின் குறைக்குக் கான்ட்ராக்டரைக் கேளுங்கள், துளைகளை ஹீட்டர் பொருத்தியவரைக் கொண்டு சரிசெய்யுங்கள். இதை ஓர் இன்ஜினியரை வைத்து, கான்ட்ராக்டருக்கு முன்கூட்டியே தேதி சொல்லி, அவரையும் வரச் சொல்லிச் செய்யுங்கள். அவர் வராவிட்டால் வரச் சொன்ன செய்தியே உங்களுக்குச் சாட்சி.

நம் பக்கத்துத் தட்டட்டியில் குறை வழக்கமாக எங்கே வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்ஜினியர் அறிக்கையில் காரணம் எழுதப்படாவிட்டால் அந்த அறிக்கைக்குப் பெரிய மதிப்பில்லை. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் நீர்த்த சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலம் போட்டு, மரப்பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். அடி விழ விழத்தான் அது இறுகி ஒரே பாளமாகும். அதன்மேல் சிமெண்ட் கலவையில் ஓடு பதித்து, இடைவெளியை நிரப்ப வேண்டும். கைப்பிடிச் சுவரின் அடியில் நேர்மூலையாக விடாமல், தண்ணீர் நிற்காதபடி கலவையால் வளைத்துப் பூச வேண்டும். சப் கான்ட்ராக்டருக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாரோ அவ்வளவு லாபம். ஆகவே அவர் குறைப்பது அடிக்கிற நாளைத்தான். இறுகாத ஜல்லி மழைநீரைப் பஞ்சு மாதிரிக் குடித்து வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் கீழே விட்டுக்கொண்டிருக்கும். "மழை நின்று ஐந்து நாள் ஆகியும் சொட்டுகிறது" என்று நீங்கள் சொல்வதாக இருந்தால் இதுதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு.

சில சமயம் குறை ஓட்டில் இல்லாமல் கான்கிரீட் தளத்திலேயே இருக்கும், சரியாகக் குத்தாமல் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்து. அது ஓடு பதித்தவரின் வேலை இல்லை. சென்டரிங், கான்கிரீட் ஆட்களின் வேலை. கான்ட்ராக்டருக்கு இது முக்கியம், யாரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்குவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். உங்களுக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை. இரண்டும் அவர் ஒப்புக்கொண்ட வேலைதான்.

காரணம் தெரிந்ததும், வாயால் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்துக்கு வாருங்கள். அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், அதே நாளில் வாட்ஸ்அப்பிலும். கோபமாக எதுவும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"தங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி கட்டி ஒப்படைத்த வீட்டில், தட்டட்டி வழியாக இரண்டு அறைகளில் தண்ணீர் இறங்குகிறது. இந்தத் தேதியில் செய்த தண்ணீர் சோதனையின் அறிக்கையும் போட்டோக்களும் இணைத்திருக்கிறேன். இந்த வேலையைத் தாங்கள் யாரைக் கொண்டு செய்திருந்தாலும், தங்கள் ஒப்பந்தத்தில் அடங்கிய வேலை இது. 21 நாளுக்குள் தங்கள் செலவில் சரிசெய்யும் வேலையைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என்ன முறையில் சரிசெய்வீர்கள் என்பதை முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்கவும். மீதி 1,20,000 ரூபாயை, வேலை முடிந்து மறுபடி தண்ணீர் கட்டிச் சோதித்த பிறகு தருகிறேன். தொடங்காவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து, செலவைத் தங்கள் கணக்கில் வைப்பேன்."

இந்தக் கடிதம் சும்மா சடங்கு இல்லை. ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவில் நஷ்ட ஈட்டைக் கணக்குப் பார்க்கும்போது, நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்ப்பார்கள். செய்தவருக்கே சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுக்காமல், இரண்டு மடங்கு செலவில் வேறு ஆளை விட்டுச் செய்துவிட்டு முழுப் பணமும் கேட்டால் அடிபடும். அதேபோல, ஒழுகுகிறது என்று தெரிந்தும் இரண்டு வருடம் சும்மா விட்டு, உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உதிர்ந்த பிறகு அதற்கும் சேர்த்துக் கேட்டாலும் முழுதும் கிடைக்காது.

பாக்கிப் பணத்தைப் பிடித்து வைப்பதில் தப்பில்லை. ஆனால் எதற்காக, எவ்வளவு, எப்போது தருவேன் என்று எழுத்தில் இருக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் பிடித்து வைத்தால், "இவர்தான் பணம் தராமல் ஒப்பந்தத்தை மீறினார்" என்று அவர் திருப்பிவிடுவார். கொடுத்தால்தான் வருவேன் என்பதற்கு இணங்கிவிடவும் வேண்டாம். அந்த 1,20,000 ரூபாய்தான் அவரை உங்கள் வீட்டுக்கு வரவைக்கும்.

அவர் பழுது பார்க்க வந்தாரென்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டின் மேல் வெள்ளைக் கெமிக்கலை இரண்டு கோட் அடித்துவிட்டு, "இனிமேல் ஒழுகாது" என்று பணத்தைக் கேட்பது வழக்கம். இறுகாத ஜல்லிக்கு அது மருந்து இல்லை. ஓரிரு வருடம் தாங்கும், அப்புறம் வெயிலில் உரிந்து வரும். குறை எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்கு உடைத்து எடுத்துத் திரும்பச் செய்வதுதான் பழுது. இன்னொன்று, அந்தச் சப் கான்ட்ராக்டரே நேரில் வந்து, "எனக்கு 20,000 கொடுங்கள், நானே சரிசெய்து தருகிறேன், கான்ட்ராக்டருக்குத் தெரிய வேண்டாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அவர் உண்மையாகவே உங்கள் ஆளாகிவிடுவார்.

21 நாள் கழித்தும் அவர் அசையவில்லை என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ரேட் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் கொட்டேஷன்படி மாற்றிக்கொள்ளுங்கள். தட்டட்டி 1,250 சதுர அடி. இன்ஜினியர் அறிக்கைப்படி முழுதும் வாட்டம் தப்பு, ஜல்லி இறுகவில்லை. இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கி, குறைந்ததை எடுத்தால் உடைத்து எடுத்துத் திரும்பச் செய்யச் சதுர அடி 130 ரூபாய், ஆகமொத்தம் 1,62,500. இரண்டு அறையின் மேற்கூரையைச் சுரண்டிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க 18,000. இன்ஜினியர் சோதனைக்கும் அறிக்கைக்கும் 6,000. கூட்டினால் 1,86,500. உங்கள் கையில் இருக்கும் 1,20,000 ரூபாயைக் கழித்தால் அவர் உங்களுக்குத் தர வேண்டியது 66,500 ரூபாய். அதே அறிக்கை 300 சதுர அடியில் மட்டும்தான் குறை என்று சொன்னால் 300 அடிக்கான செலவைத்தான் கேட்க முடியும். அப்போது கணக்கில் நீங்கள் அவருக்குத் தர வேண்டிய மிச்சமே இருக்கலாம், அதைக் கொடுத்துவிட வேண்டும். கோபத்தில் தட்டட்டி முழுவதையும் புதிதாகப் போட்டுத் தரக் கேட்கும் வழக்குகள் அந்த இடத்தில்தான் பலவீனமாகின்றன.

சொந்தமாகக் குடியிருக்கக் கட்டிய வீடு என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவை. பழைய நுகர்வோர் சட்டம் இருந்தபோதே, 1993-ல், உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் இதை உறுதிப்படுத்திவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் திருநெல்வேலி மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரைக்குமான கட்டணம் 1,000 ரூபாய். கேட்கிற 66,500-ஐ வைத்துக் கணக்கில்லை, வேலைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். வாடகைக்கு விடக் கடைகள் கட்டியிருந்தால் 'வணிக நோக்கம்' என்ற ஆட்சேபம் வரும், அப்போது சிவில் கோர்ட்தான் பாதுகாப்பான வழி.

காலம் முக்கியம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம், சிவில் வழக்குக்கு மூன்று வருடம். ஒழுகல் தெரிந்த நாளிலிருந்து என்று வாதாட இடமிருந்தாலும், பால் காய்ச்சிய தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு அதற்குள் போட்டுவிடுங்கள். "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்" என்று அவர் வாயால் சொல்லும் தவணை இந்தக் காலத்தை நிறுத்தி வைக்காது. புகாரில் கான்ட்ராக்டர்தான் முதல் எதிர்தரப்பு. சப் கான்ட்ராக்டரையும் சேர்ப்பதா என்பதை உங்கள் வக்கீல் முடிவு செய்யட்டும். சேர்த்தாலும் கோரிக்கை கான்ட்ராக்டர் மேல்தான் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் வேண்டும், 2024 ஜூலை முதல் அது பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63-வது பிரிவின்படி. ஆகவே அந்தச் செய்திகள் இருக்கிற பழைய போனை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

புரமோட்டரிடம் அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவில் இன்னும் நல்ல வழி இருக்கிறது. கட்டமைப்பு, வேலைத்தரக் குறையை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் சொன்னால், 30 நாளில் புரமோட்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டிய உங்களுக்கு அது பொருந்தாது. ஆகவேதான் பத்திரத்தில் 'குறை நிவர்த்திக் காலம்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஒரு வருடம் என்று எழுதியிருந்தால், வருகிற தையில் அந்த ஒரு வருடம் முடிகிற தேதிக்குள் உங்கள் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும்.

இப்போது மழை இருக்கும்போதே சாக்பீஸ் கோடுகளையும் போட்டோக்களையும் முடித்துவிடுங்கள், பிறகு இந்தச் சாட்சி காய்ந்துவிடும். உடைக்கிற வேலையை மட்டும் மழைக்குள் தொடங்க விடாதீர்கள். தை பிறந்து, தட்டட்டி நன்றாகக் காய்ந்த பிறகு ஆரம்பித்தால் ஜல்லி அடிக்கவும் நனைத்துப் போடவும் நாள் கிடைக்கும். பங்குனிக்குள் ஓடு பதித்து, ஹீட்டர் ஸ்டாண்டைத் துளை போடாமல் சிமெண்ட் கட்டையின் மேல் நிறுத்தி, மறுபடியும் மூன்று நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு பாக்கியைக் கொடுங்கள்.